துண்டு ஏன் விறைக்கிறது?

கடையில் தொட்டுப் பார்க்கும்போது மெத்தென்று இருக்கும் தேங்காய்ப்பூ துண்டு, ஒரு வருடம் கழிந்தால் முதுகைத் துடைக்கும்போது தோலைச் சுரண்டுகிறது. பெரும்பாலான வீடுகளில் இதற்குச் செய்யும் முதல் வைத்தியம், அடுத்த முறை இன்னும் ஒரு கரண்டி பவுடர் கூடுதலாகப் போடுவது. நோயை வளர்க்கும் வைத்தியம் அது.

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் புழங்கும் வீடுகளில் கதை வாளியிலேயே தொடங்கிவிடுகிறது. அந்தத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரப்படி, ஒரு லிட்டரில் கடினத்தன்மை 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியில்லாத இடங்களில் 600 வரை ஏற்கலாம். இரண்டுக்கும் நடுவே, 400 மில்லிகிராம் உள்ள தண்ணீரை 15 லிட்டர் வாளியில் பிடித்ததாக வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் அந்த வாளிக்குள் 6 கிராம் சுண்ணாம்புக்குச் சமமான சரக்கு இருக்கிறது.

அதில் பழைய பாணி பார் சோப்பைத் தேய்த்தால், அழுக்கைத் தொடுவதற்கு முன்பே சுமார் 35 கிராம் சோப்பைக் கால்சியம் விழுங்கிவிடும். நுரை வராமல், தண்ணீரில் பால் திரிந்ததுபோல் மிதக்கும் பிசுக்கு அதுதான். தண்ணீரில் கரையாத அந்தப் பிசுக்கு துணியில் ஒட்டிக்கொள்ளும். பவுடருக்கு மாறினால் தப்பித்துவிட முடியாது. மலிவான பவுடர்களில் சலவைச் சோடா தாராளமாக இருக்கும். அது கால்சியத்தோடு சேர்ந்து மெல்லிய சுண்ணாம்புத் தூளாக நூல்மீது படியும். சாதாரண ஈரிழைத் துண்டைவிடத் தேங்காய்ப்பூ துண்டுக்குப் பாதிப்பு அதிகம். அதன் மேற்பரப்பு முழுக்க நூல் வளையங்கள்; படிந்ததெல்லாம் அந்த வளையங்களின் அடியில் தங்கிவிடும், அலசும் தண்ணீர் அங்கே எளிதில் போய்ச் சேராது. முன்பக்கம் திறக்கும் சலவை இயந்திரம் குறைந்த தண்ணீரில் துவைப்பதால், அளவுக்கு மீறிப் போட்ட பவுடரும் அதனுள் முழுதாக வெளியேறுவதில்லை.

எல்லா விறைப்புக்கும் பவுடர்தான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. ஜப்பானின் காவோ நிறுவனமும் ஹொக்கைடோ பல்கலைக்கழகமும் சேர்ந்து 2020-ல் வெளியிட்ட ஆய்வு, கொடியில் காய்ந்த பருத்தித் துணியிலும் நூலிழைகளின் மேல் கொஞ்சம் நீர் பிணைந்தே நிற்கிறது என்றும், அந்த நீர் பசைபோல் இழைகளை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கிறது என்றும் காட்டியது. காற்றில்லாத மூலையில் அசையாமல் காய்ந்த துண்டு விறைப்பது இதனால்தான்.

இரண்டில் எது என்று கண்டுபிடிப்பது கடினமில்லை. காய்ந்த துண்டை இரு கைகளாலும் நன்றாகக் கசக்கி உதறிப் பாருங்கள். இளகிவிட்டால் ஒட்டிக்கொண்டிருந்தது வெறும் நீர். அப்படியும் சொரசொரப்பு போகவில்லை என்றால், சோப்போ பவுடரோ எதுவும் போடாமல் சுடுநீரில் அரை மணி நேரம் ஊறவைத்து அலசிப் பார்க்க வேண்டும். நுரை கிளம்பினாலோ தண்ணீர் கலங்கினாலோ உள்ளே பழைய சரக்கு கிடக்கிறது.

அதை எடுக்க அமிலம் வேண்டும். அரை வாளித் தண்ணீரில் ஒரு டம்ளர் வெள்ளை வினிகரோ, ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலமோ கலந்து, துண்டை அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறவைக்கலாம். சுண்ணாம்பு இதில் கரைந்துவிடும். பலரும் இத்தோடு நிறுத்திவிட்டு, வினிகர் வேலை செய்யவில்லை என்கிறார்கள். சோப்புப் பிசுக்கை அமிலம் உடைத்தாலும், அதிலிருந்த கொழுப்பு துணியிலேயேதான் இருக்கும். எனவே துண்டை அலசிவிட்டு, துணி தாங்குமென்றால் 60 டிகிரி வரை சூடான நீரில், வழக்கமாகப் போடும் பவுடரில் பாதி மட்டும் போட்டுத் துவைக்க வேண்டும். சாயம் போகும் துண்டுக்கு வெதுவெதுப்பான நீரே போதும். பிறகு அலசும் தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை அலசுவது முக்கியம். அந்தக் கடைசி அலசலுக்கு மழைநீர் கிடைத்தால் அதைவிட நல்லது எதுவுமில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். வினிகரையோ சிட்ரிக் அமிலத்தையோ பிளீச்சிங் பவுடரோடும் வெளுப்புத் திரவத்தோடும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. குளோரின் என்ற நச்சு வாயு கிளம்பும். சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டினால் பொங்குவது பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு இரண்டும் வீணாகும்.

மென்மையூட்டித் திரவம் தொடுவதற்கு இதமாக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது நூல்மீது ஒரு மெல்லிய பூச்சாகப் படிவதால், துண்டு தண்ணீரை உறிஞ்சுவது குறைகிறது. துடைக்காத துண்டு எவ்வளவு மெத்தென்று இருந்து என்ன பயன்? அதற்குப் பதில், கொடியில் போடுவதற்கு முன் நாலு உதறு, பாதி காய்ந்ததும் இன்னும் நாலு உதறு உதறினால் வளையங்கள் எழுந்து நிற்கும். காற்றோட்டமான இடத்தில் உலர்த்துவதும் உதவும்.

இத்தனை செய்தும் துண்டு முரடாகவே இருந்தால், வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். வளையங்கள் தேய்ந்து அடித்துணி தெரிந்தால் அதற்கு எந்த அமிலமும் உதவாது; அதைத் தரை துடைக்க எடுத்துக்கொள்ளலாம்.