200 எழுத்தில் ஓர் அறிமுகம்

வேலை தேடுவோர் விண்ணப்பக் கடிதம் எழுதும் முறையைப் பள்ளியிலேயே கற்றுக்கொள்கிறோம். அனுப்புநர், பெறுநர், பொருள், மதிப்பிற்குரிய ஐயா எனத் தொடங்கி, கல்வி, அனுபவம், ஆர்வம் ஆகியவற்றை வரிசையாகச் சொல்லி, ‘இப்படிக்கு’ என முடிப்பது அதன் இலக்கணம். லிங்க்ட்இன் தளத்தில் ஓர் ஆட்சேர்ப்பு அலுவலரை முதன்முறையாக அணுகும்போது இந்த இலக்கணம் பயன்படுவதில்லை. முன்பின் அறியாத ஒருவருக்கு இணைப்பு வேண்டுகோள் அனுப்புகையில் அதனுடன் சேர்க்கும் குறிப்புக்கு, கட்டணம் செலுத்தாத கணக்குகளில் 200 எழுத்துகளே இடமுண்டு. இடைவெளியும் நிறுத்தக்குறியும் அக்கணக்கில் சேரும். அத்தகைய குறிப்புகளை மாதத்திற்குச் சிலவற்றுக்கு மேல் அனுப்பவும் இயலாது. ஆகவே ஒவ்வொன்றையும் எண்ணி எழுத வேண்டியுள்ளது.

இடம் குறைவு என்பது மட்டுமே சுருக்கத்திற்குக் காரணமன்று. கடிதம் தனியே பயணம் செய்வது. எழுதியவர் யார் என்பதை அதுவே சொல்லியாக வேண்டும். லிங்க்ட்இன் குறிப்போ, அனுப்புபவரின் பெயர், புகைப்படம், பெயருக்குக் கீழுள்ள ஒருவரி அறிமுகம் ஆகியவற்றோடு சேர்ந்தே சென்றடைகிறது. ஒரு தொடுதலில் முழு விவரப் பக்கமும் திறந்துகொள்ளும். அங்கே இருப்பதை மீண்டும் எழுதினால் இருக்கும் சிறிய இடமும் வீணாகிவிடும். அந்தப் பக்கத்தில் இல்லாதது எதுவோ அதுவே குறிப்பில் இடம்பெற வேண்டும்.

அப்படி இல்லாதது எது என்பதை அறிய, ஆட்சேர்ப்பு அலுவலரின் பணி முறையைச் சற்றுப் பார்க்க வேண்டும். அவர் ஒரே நேரத்தில் பல காலியிடங்களைக் கவனிக்கிறார். ஒவ்வொன்றுக்கும் நிறுவனத்தின் மென்பொருளில் ஓர் எண் உண்டு. வந்த விண்ணப்பங்கள் அந்த எண்ணின் கீழ் அடுக்கப்பட்டிருக்கும். எனவே ஒரு செய்தியைக் கண்டதும் அவர் மனத்தில் எழும் முதற்கேள்வி, ‘இவர் எந்தப் பணியைப் பற்றிப் பேசுகிறார்?’ என்பதே. அடுத்து, அப்பணி கேட்கும் முக்கியத் தகுதி இவரிடம் உள்ளதா, எப்போது சேர முடியும் என்பவை. நம் நாட்டு நிறுவனங்களில் நோட்டீஸ் காலம் 30 நாள் முதல் 90 நாள் வரை வேறுபடுவதால், இந்தக் கடைசிக் கேள்விக்குத் தனி மதிப்பு உண்டு.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். புனேயில் மோட்டார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஐந்தாண்டுகளாகக் கணக்குப் பிரிவில் பணியாற்றும் பெண் ஒருவர், ஹைதராபாத்தில் உள்ள ஒரு நிறுவனத்தின் மூத்த கணக்கு அலுவலர் பணிக்கு முயல்கிறார் என்க. அவர் முதலில் இவ்வாறு எழுதுகிறார்:

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நான் வணிகவியலில் பட்டம் பெற்றவள். கடின உழைப்பிலும் குழுவாக இயங்குவதிலும் நாட்டம் உடையவள். என் தகுதிக்கேற்ற வாய்ப்பு தங்கள் நிறுவனத்தில் இருப்பின் தெரிவிக்க வேண்டுகிறேன்.”

பணிவுக்குக் குறைவில்லை. ஆயினும் இதைப் படிப்பவர், அவருடைய விவரப் பக்கத்தைத் திறந்து, தம்மிடமுள்ள காலியிடங்களோடு ஒப்பிட்டு, பொருத்தமானதைத் தாமே தேட வேண்டியுள்ளது. விண்ணப்பதாரர் செய்ய வேண்டிய வேலை அலுவலரின் தலைமீது ஏறிவிட்டது. பட்டம் விவரப் பக்கத்திலேயே இருக்கிறது. கடின உழைப்பை எல்லோரும் எழுதுகிறார்கள். இரண்டினாலும் அலுவலருக்குப் புதிதாக எதுவும் தெரியவில்லை.

இப்போது அவர் வரிசையை மாற்றுகிறார். முதலில் நிறுவனத்தின் இணையதளத்தில் முறைப்படி விண்ணப்பித்து, தன்விவரக் குறிப்பை அங்கே பதிவேற்றுகிறார். விளம்பரத்தில் உள்ள பணி எண்ணைக் குறித்துக்கொள்கிறார். அதன் பிறகு எழுதுகிறார்:

“வணக்கம். தங்கள் ஹைதராபாத் அலுவலகத்தின் மூத்த கணக்கு அலுவலர் பணிக்கு (எண் 4471) நேற்று விண்ணப்பித்தேன். 5 ஆண்டு ஜிஎஸ்டி, எஸ்ஏபி அனுபவம். நோட்டீஸ் 30 நாள். இப்பணி தங்கள் பொறுப்பில் உள்ளதா?”

தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதினாலும் இது 200 எழுத்துகளைத் தாண்டாது. பணி எண் இருப்பதால் அலுவலர் விண்ணப்பத்தை உடனே தேடி எடுக்கலாம். விளம்பரம் கேட்ட இரு தகுதிகளை மட்டும் அதே சொற்களில் சொல்லியிருக்கிறார். கடைசி வரியில் உள்ள கேள்விக்கு ஒரே சொல்லில் விடை தரலாம். ‘ஆம்’ என்றால் உரையாடல் தொடங்கிவிட்டது. ‘இல்லை’ என்றாலும், பொறுப்பில் உள்ளவரின் பெயர் கிடைக்க வாய்ப்புண்டு. ‘எனக்கு வேலை கிடைக்குமா?’ என்ற கேள்விக்கு அவ்வளவு எளிதாக எவராலும் பதில் எழுத இயலாது.

குறிப்பில் சொல்லாமல் விட்டவையும் கவனிக்கத்தக்கவை. தற்போதைய ஊதியம், எதிர்பார்க்கும் ஊதியம், வேலையை விடுவதற்கான காரணம் ஆகியவை அதில் இல்லை. இவற்றை அலுவலர் முதல் தொலைபேசி உரையாடலில் தாமே கேட்பார். அப்போது விளக்கிச் சொல்ல நேரமும் இருக்கும்.

அனுப்பும்போது நேரும் சில தடுமாற்றங்களையும் சொல்லிவிட வேண்டும். கைப்பேசியில் Connect என்பதைத் தொட்டால், குறிப்பு எதுவும் கேட்காமலேயே வேண்டுகோள் சென்றுவிடுவதுண்டு. அதைத் திரும்பப் பெற்றால் அதே நபருக்கு மீண்டும் அனுப்பச் சுமார் மூன்று வாரம் காத்திருக்க நேரும். ஆகவே கணினியில் Add a note என்ற வழியாக எழுதுவது நலம். ஒரே வாசகத்தைப் பலருக்கும் ஒட்டி அனுப்புவோர், முந்தைய நிறுவனத்தின் பெயரை மாற்ற மறந்துவிடுவதும் உண்டு. வெறும் ‘வணக்கம்’ என்று மட்டும் எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது மற்றொரு பழக்கம். விஷயம் இன்னதென்று தெரியாத செய்தியைத் திறக்க அலுவல் நேரத்தில் யாருக்கும் பொழுதில்லை.

இணைப்பு ஏற்கப்பட்டும் பதில் வராவிட்டால், ஒரு வாரம் கழித்து ஒருமுறை இரண்டு வரியில் நினைவூட்டலாம். அதற்கும் மறுமொழி இல்லையெனில் விட்டுவிடுவதே முறை. அந்த இடம் முன்பே நிரம்பியிருக்கலாம். நிறுத்தி வைக்கப்பட்டிருக்கவும் கூடும். குறிப்பு எவ்வளவு நன்றாக அமைந்தாலும் தகுதியில்லாத பணியைப் பெற்றுத்தராது. தகுதியுள்ள விண்ணப்பம் கண்ணில் படாமல் போவதைத் தடுப்பதே அதன் பயன்.

பதில் மிக விரைவாகவும் மிக இனிமையாகவும் வந்தால் அங்கேயும் நிதானம் தேவை. நேர்முகமே இல்லாமல் பணி உறுதி என்பது, உரையாடலை உடனே வாட்ஸ்அப் அல்லது டெலிகிராமுக்கு மாற்றச் சொல்வது, நிறுவனத்தின் பெயரில் இல்லாத பொது மின்னஞ்சல் முகவரியிலிருந்து எழுதுவது ஆகியவை ஐயத்திற்குரிய அடையாளங்கள். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரப்படும் வைப்புத் தொகை என எப்பெயரில் பணம் கேட்டாலும் அங்கேயே உரையாடலை நிறுத்திவிடுங்கள். ஊதியக் கணக்கு எண்ணைப் பணியில் சேரும்போது கொடுத்தால் போதும். ஓடிபி எண்ணை எக்கட்டத்திலும் எவருக்கும் தர வேண்டியதில்லை. பணம் பறிபோயிருந்தால் தாமதியாமல் தேசிய சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைத்து, cybercrime.gov.in தளத்தில் புகாரைப் பதிவு செய்து, தங்கள் வங்கிக் கிளைக்கும் தெரிவியுங்கள்.