ஐந்தொகையில் மூன்று சொற்கள்

கணக்கியலில் ஒரு சொல் பிழைபடின், அதனோடு ஒரு தொகையும் இடம் மாறிவிடும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இருப்புநிலைக் குறிப்பு என்றும், இலங்கை நூல்கள் ஐந்தொகை என்றும் குறிக்கும் அந்த ஏட்டில், தமிழாக்குவோரைத் தடுமாறச் செய்யும் சொற்கள் மூன்று: அக்ரூவல், டிஃபர்டு ரெவின்யூ, பிராவிஷன். இவற்றுக்கு நேர்ச்சொல் காண, அகராதியைப் புரட்டுவதற்கு முன் மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும். பணம் கைமாறிற்றா? அதற்குரிய வேலை நடந்தேறிற்றா? தொகை உறுதியாகத் தெரியுமா?

ஒரு பதிப்பகத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அது ஒரு திங்களிதழ் நடத்துகிறது. அகராதி ஒன்றையும் வெளியிட்டிருக்கிறது. மார்ச் 31 அன்று கணக்கை முடிக்கிறது.

மார்ச்சு மாதம் முழுதும் அச்சுப்பொறி ஓடிற்று. மின்கட்டணச் சீட்டு ஏப்ரலில்தான் வரும். மானியைப் பார்த்துக் கணக்கிட்டால் 9,000 ரூபாய் ஆகிறது. வேலை நடந்துவிட்டது, பணம் மட்டும் போகவில்லை, தொகையும் ஏறத்தாழத் தெரியும். இதுவே அக்ரூவல். இதனை ‘நிலுவை’ என்று சிலர் எழுதுகின்றனர். நிலுவை என்பது தவணை கடந்தும் கட்டாத பணமன்றோ? இங்கே சீட்டே வரவில்லை; கடத்தற்குத் தவணையும் இல்லை. ‘கொடுபட வேண்டிய செலவு’ என்னும் பாடநூல் வழக்கு இதனினும் நன்று. ஆயினும் சீட்டு வந்தும் செலுத்தாத பெப்ருவரிக் கட்டணமும் கொடுபட வேண்டியதே. வேறுபாடு காட்ட வேண்டிய இடத்தில், ‘திரண்ட செலவு’ எனலாம். மானி ஓடஓடச் செலவு சிறிது சிறிதாகத் திரள்வதை அச்சொல் காட்டுகிறது. வரவுப் பக்கத்தில் ‘திரண்ட வருமானம்’ என்றும் அது பொருந்தும்.

இனி, இதழ்ச் சந்தாவைப் பார்ப்போம். ஆயிரம் பேர் ஜனவரி முதல் நாளன்று ஆண்டுச் சந்தா 240 ரூபாய் செலுத்தினர். வந்த பணம் 2,40,000. மார்ச் முடிய மூன்று இதழ்கள் அனுப்பியாயிற்று. ஆதலின் ஈட்டியது 60,000 மட்டுமே. எஞ்சிய 1,80,000 ரூபாய்க்கு ஒன்பது இதழ்கள் அனுப்பும் கடமை பதிப்பகத்தின் தலைமேல் இருக்கிறது. எனவே அத்தொகை பொறுப்புப் பக்கத்தில் நிற்கிறது. இதனை ‘ஒத்திவைக்கப்பட்ட வருவாய்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், பணம் இனிமேல்தான் வரும் என்று மாணவர் எண்ணுவார். உண்மை நேர்மாறானது: பணம் வந்துவிட்டது, வேலைதான் மீந்திருக்கிறது. ‘முன்கூட்டிப் பெற்ற வருமானம்’ என்னும் வழக்கு பணத்தின் நிலையைச் சரியாகச் சொல்கிறது. ‘ஈட்டாத முன்வரவு’ என்றால் கடமையும் விளங்கும்.

மூன்றாவதே மிகவும் வழுக்கும் இடம். அகராதிப் படிகளில் தாள் விடுபட்டிருந்தால் மாற்றித் தருவதாகப் பதிப்பகம் உறுதி கூறியுள்ளது. விற்றவை 2,000 படிகள். நூற்றுக்கு இரண்டு திரும்பி வரும் என்பது முன் அனுபவம். படி ஒன்றுக்கு 300 ரூபாய் அடக்கம் என்றால், 40 படிகளுக்கு 12,000 ரூபாய். கடமை உண்டு; எப்போது, எவ்வளவு என்பதே உறுதியில்லை. இதுவே பிராவிஷன். இலாபம் காண்பதற்கு முன்பே இதனைச் செலவாகக் கழிக்க வேண்டும். ரிசர்வ் என்பதோ, கண்ட இலாபத்திலிருந்து உரிமையாளருக்கென நிறுத்தி வைப்பது.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் முன்னதை ‘ஒதுக்கு’ என்றும், பின்னதைக் ‘காப்பு’ என்றும் சொல்கின்றன. இலங்கை நூல்களிலோ முன்னது ‘ஏற்பாடு’; பின்னது ‘ஒதுக்கம்’. ஆகவே யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவர் சென்னையில் எழுதிய கணக்கில் ‘ஒதுக்கு 12,000’ என்று கண்டால், அதனை ஒதுக்கம் போலும் என்று கொள்ளக்கூடும். கடமையாக நிற்கும் 12,000 ரூபாய், அவர் கண்ணுக்கு உரிமையாளரின் செல்வமாகிவிடும்! வேறொரு மயக்கமும் உண்டு. வரவு செலவுத் திட்டத்து ‘ஒதுக்கீடு’ பழகியவர், எங்கோ ஒரு பெட்டியில் 12,000 ரூபாய் தனியே வைத்திருப்பதாக நினைப்பார். அப்படி எந்தப் பணமும் எடுத்து வைக்கப்படவில்லை. அது ஒரு மதிப்பீடு மட்டுமே.

இதற்குப் புதுச்சொல் தேடுவதைவிட, எதற்காக என்பதைச் சேர்த்தெழுதுவதே தக்க வழி. ‘குறைப்படி மாற்றுக்கான ஒதுக்கு’ என்றோ, ‘குறைப்படி மாற்றுக்கான ஏற்பாடு’ என்றோ எழுதினால், இரு கரையினரும் அதனைக் கடமை என்றே படிப்பர்.

ஒரு மொழிபெயர்ப்புச் சொல் சரிதானா என்று ஐயம் எழுந்தால், ஆங்கிலச் சொல்லை மறைத்துவிட்டுத் தமிழ்ச் சொல்லை மட்டும் மற்றொரு மாணவரிடம் காட்டுங்கள். பணம் வந்ததா, வேலை முடிந்ததா, தொகை உறுதியா என்று கேளுங்கள். மூன்றுக்கும் அவர் சரியான விடை சொன்னால், அந்தச் சொல்லை ஏட்டில் எழுதலாம்.