58 மில்லிகிராமில் கிடைக்கும் மூலக்கூறு எடை

யூரியாவைத் தண்ணீரில் கரைத்தால் அந்தத் தண்ணீர் முன்போல எளிதில் ஆவியாவதில்லை. யூரியா தானாக ஆவியாகிப் போகிற பொருளும் அல்ல. கரைசலுக்கு மேலே நிற்பது நீராவி மட்டும்தான், அதன் அழுத்தமோ தூய நீருக்கு இருப்பதைவிடக் குறைவு. இந்தக் குறைவு எந்தப் பொருளைக் கரைத்தோம் என்பதைப் பொறுத்ததல்ல, எத்தனை மூலக்கூறுகளைக் கரைத்தோம் என்பதைப் பொறுத்தது. பிரான்சின் கிரெனோபிள் நகரில் பேராசிரியராக இருந்த ரௌல்ட் 1880-களில் கண்டறிந்த விதி இது. ஆவியழுத்தம் எத்தனை பங்கு குறைகிறதோ, கரைசலின் மொத்த மூலக்கூறுகளில் அத்தனை பங்கு கரைபொருள்.

எண்ணிக்கை தெரிந்துவிட்டால் எடையும் தெரிந்துவிடும். போட்ட கிராமை மோல் எண்ணிக்கையால் வகுத்தால் போதும்.

இதை அழுத்தமானி இல்லாமல், தராசை மட்டும் வைத்து அளக்கலாம். ஆஸ்வால்டு-வாக்கர் முறை என்பார்கள். உலர்ந்த காற்றை முதலில் கரைசல் உள்ள குமிழ்களிலும், அடுத்து தூய நீர் உள்ள குமிழ்களிலும், கடைசியாகக் கால்சியம் குளோரைடு நிரப்பிய குழாயிலும் மெதுவாகச் செலுத்துவார்கள். கரைசலிலிருந்து காற்று தன்னால் முடிந்த அளவு நீராவியை எடுத்துக்கொள்ளும். ஆனால் கரைசலின் அழுத்தம் குறைவு என்பதால் இன்னும் கொஞ்சம் எடுக்க இடமிருக்கும். அந்த மிச்சத்தைத் தூய நீர் நிரப்பும். மொத்த நீராவியும் கால்சியம் குளோரைடில் சிக்கிக்கொள்ளும். ஆகவே நீர்க் குமிழ்கள் இழந்த எடையை கால்சியம் குளோரைடு பெற்ற எடையால் வகுத்தால் ஒப்பு ஆவியழுத்தக் குறைவு நேராகக் கிடைக்கும்.

100 கிராம் நீரில் 10 கிராம் யூரியா இருப்பதாக வைத்துக்கொள்வோம். கால்சியம் குளோரைடு 2 கிராம் கூடியது, நீர்க் குமிழ்கள் 0.058 கிராம் இழந்தன. விகிதம் 0.029. அதாவது ஆயிரத்துக்கு 29 மூலக்கூறுகள் யூரியா, மீதி 971 நீர். 100 கிராம் நீர் என்பது 5.556 மோல். அதை 29-ஆல் பெருக்கி 971-ஆல் வகுத்தால் 0.166 மோல் யூரியா. 10-ஐ 0.166-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 60. யூரியாவின் மோலார் நிறை அதுவேதான். 971-க்குப் பதிலாக 1000-ஆல் வகுக்கும் குறுக்குவழி ஒன்று பாடப்புத்தகங்களில் உண்டு. அதன்படி 62 வரும். மிகவும் நீர்த்த கரைசலுக்கு மட்டும் அது சரி.

எடை பார்ப்பதில் ஒரு மில்லிகிராம் பிசகினால் விடையில் ஒன்று கூடவோ குறையவோ செய்யும். காற்றை அவசரமாக ஊதினால் தவறு இன்னும் பெரிது. கரைசலில் நிறைவடையாத காற்று நீர்க் குமிழில் அதிகம் எடுத்துக்கொள்ளும், கணக்கில் மூலக்கூறு எடை குறைவாக வரும். காற்றோட்டத்தின் வேகத்தைக் குறைத்துச் செய்து பார்க்கும்போது விடை மாறினால், முதல் விடையை நம்பக்கூடாது.

விடை சீராக வந்தும் பொருந்தவில்லை என்றால், கரைபொருளைச் சந்தேகிக்க வேண்டும். உப்பு நீரில் இரண்டு அயனிகளாகப் பிரிவதால் 58.5 வரவேண்டிய இடத்தில் அதில் ஏறக்குறைய பாதிதான் வரும். பென்சீனில் கரைத்த பென்சாயிக் அமிலம் இரண்டிரண்டாகச் சேர்ந்துகொள்வதால் 122-க்குப் பதில் 244-ஐ நெருங்கும். புரதங்களிடம் இந்த முறை தோற்றுவிடும். 66,000 எடையுள்ள ஒரு புரதத்தை அதே அளவில் கரைத்தால், நீர்க் குமிழின் இழப்பு 0.05 மில்லிகிராம்தான் இருக்கும். அவற்றுக்குச் சவ்வூடு பரவல் அழுத்தத்தை அளக்கிறார்கள்.