ஒட்டியதும் எழுத்து ஏன் மாறுகிறது?

ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலரையோ பள்ளியின் வெள்ளி விழா மலரையோ கணினியில் தொகுப்பவர்கள் எல்லோருக்கும் ஒரு தொல்லை உண்டு. ஒருவர் மின்னஞ்சலில் கட்டுரை அனுப்புவார். இன்னொருவர் வேர்டு கோப்பாகத் தருவார். ஒரு குறிப்பை இணையத்திலிருந்து எடுக்க வேண்டியிருக்கும். மூன்றையும் ஒரே கோப்பில் ஒட்டினால் மூன்றும் மூன்று தினுசாக நிற்கும். ஒன்று பொடி எழுத்தில், ஒன்று சாம்பல் நிறத்தில், மூன்றாவது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகப் படிக்கவே முடியாத நிலையில்.

இதற்குக் காரணம் கணினிக் கோளாறு அல்ல. எழுத்தை நகலெடுக்கும்போது வார்த்தைகள் மட்டும் கிளிப்போர்டுக்குப் போவதில்லை. வெறும் எழுத்து ஒரு வடிவமாகவும், எழுத்துரு, அளவு, நிறம், வரி இடைவெளி எல்லாம் சேர்ந்தது இன்னொரு வடிவமாகவும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒட்டும் நேரத்தில் எதை எடுப்பது, எவ்வளவு எடுப்பது என்பதை யாராவது முடிவு செய்ய வேண்டும். நாம் முடிவு செய்யாவிட்டால் வேர்டு தானாகவே முடிவு செய்துவிடும்.

ஒட்டி முடித்ததும் பத்தியின் கடைசியில் `(Ctrl)` என்று ஒரு சின்னப் பட்டன் தோன்றும். பலர் அதைத் தொந்தரவு என்று நினைத்துக் கண்டுகொள்வதில்லை. அந்த முடிவை மாற்றும் இடம் அதுதான். `Ctrl` விசையை ஒருமுறை தட்டி, பிறகு `K` அழுத்தினால் `Keep Source Formatting`. `M` அழுத்தினால் `Merge Formatting`. `T` அழுத்தினால் `Keep Text Only`. முதலாவது, எழுத்து வந்த இடத்தின் தோற்றத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். இரண்டாவது, போய்ச் சேர்ந்த இடத்தின் தோற்றத்துக்கு மாற்றும், ஆனால் அழுத்தம் கொடுத்த சொற்களைக் காப்பாற்றும். மூன்றாவது எல்லாவற்றையும் உதறிவிட்டு எழுத்தை மட்டும் வைக்கும். அதில் படங்கள் போய்விடும், அட்டவணை கட்டமிழந்து வெறும் வரிகளாகிவிடும்.

மலர்க் கோப்பின் உடல் எழுத்து நிர்மலா யுஐ, 12 புள்ளி என்று வைத்துக்கொள்வோம். இணையப் பக்கம் ஒன்றிலிருந்து எட்டு வரிக் குறிப்பை எடுத்து ஒட்டுகிறோம். அந்தப் பக்கத்தில் எழுத்து சாம்பல் நிறம், அளவு 10.5, பின்னால் வெளிர் நீலப் பட்டை. நடுவில் ஒரு நூலின் பெயர் மட்டும் தடித்த எழுத்தில் இருக்கிறது. `K` அழுத்தினால் சாம்பல், பட்டை, 10.5 எல்லாம் மலருக்குள் வந்துவிடும். `M` அழுத்தினால் குறிப்பு முழுதும் நிர்மலா யுஐ 12 ஆகிவிடும், நிறமும் பட்டையும் போய்விடும், நூலின் பெயர் மட்டும் தடித்தே நிற்கும். இத்தகைய குறிப்புக்கு `M`தான் சரி.

`M` எப்படி முடிவெடுக்கிறது என்று தெரிந்தால் இரண்டு ஏமாற்றங்களைத் தவிர்க்கலாம். நகலெடுத்த பகுதியில் சில சொற்கள் மட்டும் தடித்தோ சாய்ந்தோ இருந்தால்தான் அது அவற்றை அழுத்தம் என்று எடுத்துக்கொள்ளும். நகலெடுத்தது முழுவதுமே தடித்திருந்தால், அது அந்தப் பக்கத்தின் அலங்காரம் என்று கருதி நீக்கிவிடும். அதனால் ஒரு பத்தியோடு சேர்த்து எடுத்தபோது தடித்தே இருந்த தலைப்பு வரி, தனியாக எடுத்து ஒட்டும்போது மெலிந்துவிடும். இரண்டாவது, கர்சருக்கு முன்னால் இருக்கும் எழுத்தின் தோற்றத்தை அது பின்பற்றும். சிவப்புத் தலைப்பின் வால் பக்கமாகக் கர்சரை வைத்து ஒட்டினால் குறிப்பும் சிவப்பாகத்தான் வரும். ஆகவே முதலில் உடல் எழுத்தில் ஒரு வெற்றுப் பத்தியை உண்டாக்கி, அதற்குள் ஒட்டுவது நல்லது.

இணையத்திலிருந்து வரும் குறிப்பில் மாற்றம் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. ஒரு வேர்டு கோப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது விஷயம் சற்று நுட்பமானது. வேர்டில் ஒவ்வொரு பத்திக்கும் ஒரு ஸ்டைல் உண்டு, பெரும்பாலும் அதன் பெயர் `Normal`. நண்பரின் கோப்பில் `Normal` என்றால் காலிப்ரி 11. நம் கோப்பில் `Normal` என்றால் நிர்மலா யுஐ 12. பெயர் ஒன்று, பொருள் வேறு. இப்படி மோதும்போது வேர்டின் வழக்கமான அமைப்பு நம் கோப்பின் `Normal`ஐயே எடுத்துக்கொள்ளும். அதனால் நாம் எதையும் தேர்ந்தெடுக்காமலே நண்பரின் எழுத்து மாறிவிடும்.

மாறக் கூடாது என்று `K` அழுத்தினால், வேர்டு நண்பரின் எழுத்துரு, அளவு முதலியவற்றை நேரடியாக அந்த எழுத்துகளின் மேலேயே ஏற்றி வைத்துவிடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. பின்னொரு நாள் பக்கங்கள் மிகுந்துவிட்டன, எழுத்தை 11 புள்ளிக்குக் குறைப்போம் என்று `Normal` ஸ்டைலைத் திருத்தும்போதுதான் விளைவு தெரியும். மலர் முழுதும் சுருங்கும், ஆனால் `K` போட்டு ஒட்டிய பத்திகள் பழைய எழுத்துருவிலும் பழைய அளவிலும் அசையாமல் நிற்கும். அப்படி நிற்கும் பத்தியில் கர்சரை வைத்து `Shift+F1` அழுத்துங்கள். வலப்பக்கம் திறக்கும் பலகையில் அந்த எழுத்தின் எழுத்துருவும் அளவும் தெரியும். கீழே `Distinguish style source` என்ற கட்டத்தில் டிக் அடித்தால், எது ஸ்டைலிலிருந்து வந்தது, எது நேரடியாக ஏற்றியது என்று பிரித்தே காட்டும். அந்தப் பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து `Ctrl+Space` அழுத்தினால் நேரடியாக ஏற்றியதெல்லாம் கழன்றுவிடும். ஆனால் தடித்த சொற்களும் அதோடு சேர்ந்து போகும் என்பதால், மலர் முழுவதையும் தேர்ந்தெடுத்து இதைச் செய்யாதீர்கள்.

தமிழில் இன்னொரு நுணுக்கம். ஒரே சொல்லுக்கு வேர்டு இரண்டு எழுத்துருக்களை நினைவில் வைத்திருக்கும்: ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் ஒன்று, தமிழ் போன்ற எழுத்துகளுக்கு ஒன்று. அதனால்தான் சில நேரம் மேலே எழுத்துருப் பெட்டியில் காலிப்ரி என்று இருக்கும், ஆனால் தமிழ் லதாவிலோ நிர்மலாவிலோ தெரியும். தமிழை வேர்டின் மொழிகளில் சேர்த்திருந்தால், `Ctrl+D` அழுத்தித் திறக்கும் பெட்டியில் `Complex scripts` என்ற தனிப் பகுதி இருக்கும். தமிழின் எழுத்துருவையும் அளவையும் அங்கேதான் பார்க்கவும் மாற்றவும் வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் யூனிகோடு தமிழுக்குப் பொருந்தும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பு வந்தால் கணக்கே வேறு. இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழர்களிடமும் பாமினி இன்றும் பரவலாகப் புழங்குகிறது. தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடை ஏற்ற பிறகும், பழைய முறையில் அடித்த கோப்புகள் அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் ஏராளமாகக் கிடக்கின்றன. இந்தக் கோப்புகளில் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துக் குறியீடுகள்தான். பாமினியில் தமிழ் என்று தெரியும் சொல்லுக்குள் கணினி வைத்திருப்பது இது:

```
jkpo;
```

`j` என்ற எழுத்துக்கு `த` என்ற உருவத்தையும் `k` என்பதற்கு `ம` என்ற உருவத்தையும் பாமினி வரைந்து காட்டுகிறது. எழுத்துருவை எடுத்துவிட்டால் தமிழும் போய்விடும். ஆகவே பாமினிக் கட்டுரையை ஒட்டி `M` அழுத்தினால், வேர்டு கடமையாக நம் எழுத்துருவுக்கு மாற்றிவிடும், பக்கம் முழுதும் `jkpo;` பாணியில் நிரம்பிவிடும். `T` அழுத்தினாலும் அதே கதி. இங்கே எழுத்துரு அலங்காரம் அல்ல, அதுவே பொருள். எனவே இந்த ஒரு இடத்தில் `K`தான் சரியான பதில்.

`K` அழுத்தியும் குழப்பமான எழுத்துகளே தெரிந்தால் எழுத்துருப் பெட்டியைப் பாருங்கள். அதில் பாமினி என்று பெயர் இருந்தும் `jkpo;` என்றே தெரிந்தால், உங்கள் கணினியில் பாமினி நிறுவப்படவில்லை, நிறுவினால் சரியாகிவிடும். பெட்டியில் காலிப்ரி என்று இருந்தால், ஒட்டும்போது எழுத்துரு கழன்றுவிட்டது. உடனே `Ctrl+Z` அடித்து, `K` போட்டு மறுபடி ஒட்டுங்கள். கழன்ற எழுத்துகளைப் பிறகு தேர்ந்தெடுத்துப் பாமினி கொடுத்தாலும் தமிழ் திரும்பும்தான். ஆனால் கட்டுரையின் நடுவே உண்மையான ஆங்கிலச் சொற்களோ மின்னஞ்சல் முகவரியோ இருந்தால், அவையும் தமிழ்க் குப்பையாக மாறும். மூலக் கோப்பில் தமிழையும் ஆங்கிலத்தையும் பிரித்துக் காட்டிய ஒரே அடையாளம் எழுத்துருதான். அது அழிந்த பிறகு, எது எது என்று கண்ணால் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

மலருக்கு `K` போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாமினிப் பத்தி அப்படியே கிடந்தால் அதில் தமிழ்ச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. கோப்பைப் பாமினி இல்லாத இன்னொரு கணினியில் திறந்தாலும் படிக்க முடியாது. முதலில் அந்தக் கட்டுரையைத் தனிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள ஆங்கிலப் பகுதிகளைக் குறித்து வையுங்கள். தமிழ்ப் பகுதிகளை எழுத்துரு மாற்றியில் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றி வெறும் எழுத்தையே தரும் என்பதால், தடித்த சொற்களை மூலத்தைப் பார்த்து மறுபடி தடிக்க வேண்டும். பிறகு `M` போட்டு மலரில் ஒட்டுங்கள். யூனிகோடு ஆன பின் எந்த எழுத்துருவுக்கு மாற்றினாலும் தமிழ் தமிழாகவே இருக்கும்.

ஒவ்வொரு முறையும் பட்டனைத் தேட வேண்டாம் என்றால் `File`, `Options`, `Advanced` வழியாகப் போய் `Cut, copy, and paste` என்ற பகுதியைப் பாருங்கள். அதே கோப்புக்குள், கோப்புக்குக் கோப்பு, ஸ்டைல் மோதும்போது, வேறு மென்பொருளிலிருந்து என்று நான்கு சூழலுக்கும் தனித்தனி விருப்பம் கேட்கும். 2023 வாக்கில் வேர்டு, வேறு மென்பொருளிலிருந்து ஒட்டுவதற்கான வழக்கத்தை `Keep Source Formatting` என்பதிலிருந்து `Merge Formatting` என்று மாற்றியது. அதே குறிப்பு அலுவலகக் கணினியில் ஒரு மாதிரியும் வீட்டுக் கணினியில் இன்னொரு மாதிரியும் ஒட்டுவதற்கு, பதிப்பு வேறுபாடு பெரும்பாலும் காரணம்.

மலர் தொகுப்பவர்களுக்கு என் பரிந்துரை இது. நான்கில் கடைசி விருப்பத்தையும், கோப்புக்குக் கோப்பு ஒட்டும் விருப்பத்தையும் `Merge Formatting` என்று வைத்துவிடுங்கள். வந்த எழுத்தின் தோற்றமே உள்ளடக்கத்தின் ஒரு பகுதியாக இருந்தால், அதாவது நிறம் காட்டி விளக்கும் அட்டவணை, அமைப்பு கெடக் கூடாத அழைப்பிதழ் போன்றவற்றுக்கு, அந்த ஒரு முறை மட்டும் `Ctrl` தட்டி `K` அழுத்துங்கள். கட்டுரை பழைய எழுத்துருவில் வந்தால் மலர்க் கோப்பைத் தொடும் முன்பே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.