உறங்கும் கணக்குகள்

ஈராண்டுகள் வாடிக்கையாளர் எவ்விதப் பரிவர்த்தனையும் செய்யாத சேமிப்புக் கணக்கைச் செயல்படாக் கணக்கென வங்கி வகைப்படுத்தும். வங்கி தானே வரவு வைக்கும் வட்டி, பரிவர்த்தனையாகக் கொள்ளப்படாது. பத்தாண்டுகள் கடப்பின் அத்தொகை, ரிசர்வ் வங்கி 2014இல் தோற்றுவித்த வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்குச் செல்லும். ஆயினும் உரிமை அழிவதில்லை. கணக்கிருந்த வங்கியிடமே பணத்தைக் கோரலாம்.

மூன்று ஊர்களில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரைக் கருதுவோம். அவருடைய மூன்று கணக்குகளுள் ஒன்று பன்னிரண்டு ஆண்டுகளாகத் தீண்டப்படாதது. கணக்குப் புத்தகமும் தொலைந்தது. ரிசர்வ் வங்கியின் உத்கம் இணையதளத்தில் 'செல்வி குமாரசாமி' எனத் தேடினார், கிடைக்கவில்லை. பழைய கணக்கில் அவர் பெயர் 'கு. செல்வி'. தலைப்பெழுத்துடன் தேடியபோது வங்கியின் பெயர் தெரியவந்தது. தலைப்பெழுத்து வழங்கும் நம்மவர்க்கு இவ்விடர் புதிதன்று. அடையாளச் சான்றுகளுடன் கிளையை அணுகித் தொகையை வட்டியுடன் பெற்றார்.

இரண்டாம் கணக்கை அவர் உடனே முடிக்கவில்லை. ஆயுள் காப்பீட்டின் முதிர்வுத்தொகை அதற்கே வரவேண்டியிருந்தது. எனவே காப்பீட்டு நிறுவனத்தில் மூன்றாம் கணக்கின் எண்ணைப் பதிவுசெய்து, எழுத்துவழி உறுதி பெற்றார். அதன்பின்னரே மீதித்தொகையை மாற்றிக் கணக்கை முடித்தார்.