பலகையில் இருந்த அம்புகள்

கூட்டம் முடிந்ததும் வெள்ளைப் பலகையை செல்போனில் படம் பிடித்துக்கொள்கிறோம். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் ஐந்து பெட்டி, ஏழெட்டு அம்பு. யார், எதை, எப்போது என்பது மட்டும் இருக்காது.

ஒரு சிறு பதிப்பகத்தின் பலகையை எடுத்துக்கொள்வோம். பெட்டிகள்: மெய்ப்பு, பக்க வடிவமைப்பு, அட்டை, அச்சு, விலை. முதலில் ஒவ்வொரு பெட்டியையும் வினையோடு எழுதுங்கள். ‘அட்டை’ என்பது வேலை அல்ல. ‘அட்டையை வடிவமைத்து ஆசிரியரிடம் ஒப்புதல் வாங்குவது’தான் வேலை.

பிறகு அம்புகள். ஒவ்வொன்றையும் “இது முடியாமல் அது தொடங்க முடியாதா?” என்று கேட்டுப் பாருங்கள். விலையிலிருந்து அட்டைக்குப் போன அம்பு அப்படியல்ல. பின்னட்டையில் விலை அச்சாக வேண்டும் என்ற தகவல்தான். அட்டை வேலையை அதற்காக நிறுத்தி வைக்க வேண்டாம். வரையாமல் விட்ட அம்புதான் ஆபத்து. பக்க எண்ணிக்கை தெரியாமல் முதுகின் அகலம் தெரியாது, அது தெரியாமல் முழு அட்டை முடியாது. பக்க வடிவமைப்பிலிருந்து அட்டைக்கு அம்பு வேண்டும், பலகையில் இல்லை.

மெய்ப்புக்கும் வடிவமைப்புக்கும் நடுவே இருபுறமும் அம்பு. இப்படியே விட்டால் வேலை சுற்றிக்கொண்டே இருக்கும். ‘இரண்டு சுற்று, அத்துடன் சரி’ என்று எழுதிவிடுங்கள்.

எந்த அம்பும் வந்து சேராத பெட்டியில் தொடங்கி, முடிந்ததை அடித்துக்கொண்டே போனால் வரிசை கிடைத்துவிடும். பட்டியலை அன்றே கூட்டத்தில் இருந்தவர்களுக்கு அனுப்புங்கள். மங்கிய எழுத்தை எழுதியவரே படித்துச் சொல்வார்.