மாதிரி வகுப்புக்கு விடைத்தாளோடு வரட்டும்

வீட்டில் டியூஷன் தொடங்குபவர்கள் நோட்டீஸில் ‘சிறந்த பயிற்சி’ என்று எழுதுவதைவிட, பெற்றோர் கேட்கப்போகும் கேள்விகளுக்கு அதிலேயே பதில் சொல்லிவிடலாம்: ‘பத்தாம் வகுப்பு கணக்கு. திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை 5.30 – 7.00. எட்டுப் பிள்ளைகள் மட்டும். மாதம் 800 ரூபாய். தேர்வுகளுக்குத் தனிக் கட்டணம் இல்லை. முதல் வகுப்பு இலவசம்.’

அந்த இலவச வகுப்பில்தான் பலர் சறுக்குகிறார்கள். தங்களுக்குக் கைவந்த பாடத்தை அழகாக நடத்தி அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளையின் கடைசித் தேர்வு விடைத்தாளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். இருபடிச் சமன்பாட்டில் மதிப்பெண் போயிருந்தால், காரணிப்படுத்தத் தெரியவில்லையா, குறியில் தவறுகிறதா என்பது இரண்டு கணக்குகளிலேயே தெரிந்துவிடும். வகுப்பு முடிந்ததும் தாளைக் காட்டியே பெற்றோரிடம் விளக்குங்கள். வெறும் குறிப்பிழைதான் என்றால் டியூஷன் தேவைப்படாமலும் போகலாம். அதையும் சொல்லிவிட வேண்டும்.